புண்ணாக்கு உரத்தில் நைட்ரஜனும் புரதமும்: கெல்டால் முறையில் படிப்படியாக அளப்பது

ஓர் உரத்தில் எவ்வளவு நைட்ரஜன் இருக்கிறது என்று கெல்டால் முறை துல்லியமாகச் சொல்லிவிடும். அந்த நைட்ரஜன் புரதமாக இருந்ததா, யூரியாவாக இருந்ததா, அம்மோனியம் உப்பாக இருந்ததா என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை. எல்லாவற்றையும் அமிலத்தில் போட்டு ஒரே அம்மோனியம் சல்பேட்டாக ஆக்கிவிட்டுத்தான் அது எண்ணவே தொடங்குகிறது. இதை மறந்துவிட்டு, புரத அளவைக் காண எந்த உரத்தின் நைட்ரஜனையும் கண்ணை மூடிக்கொண்டு 6.25-ஆல் பெருக்கினால் வேடிக்கையான விடைகள் வரும். தூய அம்மோனியம் சல்பேட்டில் 21.2% நைட்ரஜன் உண்டு. பெருக்கிப் பார்த்தால் 132% புரதம்! யூரியாவுக்கு 290%-ஐத் தாண்டும்.

ஆகவே புரதக் கணக்குக்குப் பொருள் இருக்கும் ஓர் உரத்தையே இங்கே எடுத்துக்கொள்கிறேன்: எண்ணெய் பிழிந்தபின் மிஞ்சும் நிலக்கடலைப் புண்ணாக்கு. அதன் நைட்ரஜனில் பெரும்பகுதி உண்மையிலேயே புரதத்தில்தான் இருக்கிறது. உரமாகவும் போடுகிறார்கள், தீவனமாகவும் போடுகிறார்கள். அதனால் நைட்ரஜன் சதவீதம், புரதச் சதவீதம் இரண்டையுமே கேட்டு வருவார்கள்.

முறையின் சாரம் எளிது. கொதிக்கும் அடர் கந்தக அமிலம் புண்ணாக்கின் கரிமப் பொருளைச் சிதைத்து, நைட்ரஜனை அம்மோனியம் சல்பேட்டாகப் பிடித்து வைக்கிறது. பிறகு காரத்தை ஊற்றினால் அம்மோனியா விடுபடுகிறது. அதைக் காய்ச்சி வடித்து, அளந்து வைத்த அமிலத்துக்குள் செலுத்துகிறோம். அமிலத்தில் எவ்வளவு மிஞ்சியது என்று காரத்தால் தரம்பார்த்தால், அம்மோனியா தின்றது எவ்வளவு என்று தெரிந்துவிடும். இதுதான் பின்தரம்பார்த்தல். கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் யோஹான் கெல்டால் 1883-இல் வெளியிட்ட முறை இது. மதுவடிப்புக்கான தானியத்தில் புரதத்தைத் தொடர்ந்து கவனிக்க அவருக்கு ஒரு வழி தேவைப்பட்டது. உரத்துக்கு வந்தது பிறகுதான்.

முதலில் இரண்டு கேள்விகள்

மாதிரியைத் தொடுவதற்கு முன் அதில் நைட்ரேட் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சாதாரண கெல்டால் சிதைப்பு நைட்ரேட்டை அம்மோனியாவாக்காது. சூடான அமிலத்தில் அது நைட்ரிக் அமிலமாகவும் நைட்ரஜன் ஆக்சைடுகளாகவும் பறந்துவிடும். தனிப் புண்ணாக்கு என்றால் இந்தக் கவலை இல்லை. ஆனால் கலப்பு உரமாக இருந்து நைட்ரேட் சேர்ந்திருந்தால் மாற்று வழி வேண்டும். 40 மி.லி. கந்தக அமிலத்தில் 2 கிராம் சாலிசிலிக் அமிலத்தைக் கரைத்து, அதில் மாதிரியைச் சூடாக்காமல் அரை மணி நேரமாவது அவ்வப்போது குலுக்கி வைக்க வேண்டும். நைட்ரேட் சாலிசிலிக் அமிலத்தோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு 5 கிராம் சோடியம் தயோசல்பேட் சேர்த்து, மெல்லிய சூட்டில் அதை ஒடுக்கிவிட்டு, வழக்கமான சிதைப்புக்குப் போகலாம். மாதிரி ஈரமாக இருந்தால் இந்த வழி கைகொடுக்காது. நீர் இருந்தால் நைட்ரேட் சரியாக ஒட்டாது.

அடுத்த கேள்வி, எவ்வளவு எடுப்பது. இதைப் பலர் பொருட்படுத்துவதில்லை, ஆனால் பின்தரம்பார்த்தலின் உயிரே இதில்தான் இருக்கிறது. வாங்கும் குடுவையில் 50 மி.லி. 0.1 நார்மல் அமிலம் வைக்கப் போகிறோம். ஒரு மி.லி. 0.1 நார்மல் அமிலம் 1.4 மில்லிகிராம் நைட்ரஜனைப் பிடிக்கும்; 50 மி.லி. சுமார் 70 மில்லிகிராமைப் பிடிக்கும். கடலைப் புண்ணாக்கில் 7% அளவில் நைட்ரஜன் இருக்கும். 1 கிராம் எடுத்தால் அதிலேயே 70 மில்லிகிராம் வந்துவிடும், அமிலம் முழுக்கத் தீர்ந்துபோகும். அதற்கு மேல் வரும் அம்மோனியா கூரையைப் பார்த்துப் போய்விடும். அரை கிராம் எடுத்தால் பாதி அமிலம் மிஞ்சும், பியூரெட்டில் வாசிக்கவும் வசதியான அளவு. ஆகவே 0.5 கிராம்.

இதே கணக்கை யூரியாவுக்குப் போட்டுப் பாருங்கள். அரை கிராமுக்கு 160 மி.லி.-க்கும் மேல் அமிலம் வேண்டும். அதனால் அப்படிப்பட்ட செறிந்த உரங்களை 2.5 கிராம் எடுத்து, 250 மி.லி.-ஆகக் கரைத்து, அதில் 10 மி.லி.-யைப் பிப்பெட்டில் எடுப்பார்கள். புண்ணாக்கு கரையாது, எனவே நேரடியாகத்தான் எடை போட வேண்டும். அரை கிராம் என்பது ஒரு சிட்டிகை. அந்தச் சிட்டிகை மொத்த மூட்டைக்கும் பிரதிநிதியாக நிற்க வேண்டுமானால், மாதிரியை 1 மி.மீ. சல்லடையில் முழுக்க இறங்கும்படி அரைத்து நன்றாகக் கலந்திருக்க வேண்டும். சல்லடையில் நிற்கும் தோலையும் நாரையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அவற்றில் நைட்ரஜன் குறைவு. தூக்கிப் போட்டால் விடை கூடிவிடும்.

சிதைப்பு

0.5 கிராம் அளவில் மாதிரியை 0.1 மில்லிகிராம் வரை காட்டும் தராசில் எடை போட்டு, நைட்ரஜன் இல்லாத வடிதாளில் பொட்டலமாக மடித்து, 500 மி.லி. கெல்டால் குடுவைக்குள் போடுங்கள். பொட்டலமாகப் போடுவதற்குக் காரணம் உண்டு: தூவினால் தூள் குடுவையின் நீண்ட கழுத்தில் ஒட்டிக்கொள்ளும், அங்கே அமிலம் எட்டாது. தாளோடு போடுவதானால், மாதிரி இல்லாமல் ஒப்பீட்டுக்காகச் செய்யும் பிளாங்க் குடுவையிலும் அதே தாள் ஒன்று போக வேண்டும்.

அதன்மேல் 10 கிராம் பொட்டாசியம் சல்பேட், 0.5 கிராம் மயில்துத்தம், 20 மி.லி. அடர் கந்தக அமிலம். ஓரிரண்டு கண்ணாடி மணிகளும் போடுங்கள்.

பொட்டாசியம் சல்பேட் வினையில் பங்கேற்பதில்லை, அமிலத்தின் கொதிநிலையை உயர்த்துகிறது, அவ்வளவுதான். அடர் கந்தக அமிலம் தனியாக 338 டிகிரி செல்சியஸ் அளவில் கொதிக்கும். இந்த உப்பு சேர்ந்தால் 370-க்கு மேல் போகும். அந்த முப்பது, நாற்பது டிகிரியில்தான் பல மணி நேர வேலை ஒன்றிரண்டு மணி நேரமாகச் சுருங்குகிறது. அதற்காக உப்பை அள்ளிக் கொட்டக் கூடாது. 400 டிகிரியைத் தாண்டினால் அம்மோனியம் சல்பேட்டே சிதைந்து நைட்ரஜன் போய்விடும். மயில்துத்தம், அதாவது செம்பு சல்பேட், வினையூக்கி. பழைய முறைகளில் பாதரச ஆக்சைடு போடுவார்கள். வேகமாக வேலை செய்யும், ஆனால் கழிவு நஞ்சு. அதோடு பாதரசம் அம்மோனியாவோடு கட்டிக்கொள்வதால் வடிப்பதற்கு முன் தயோசல்பேட் போட்டு அதைப் பிரிக்க வேண்டும். செம்பில் அந்தத் தொல்லை இல்லை, காரம் போதுமா என்பதையும் நிறத்தில் காட்டிக்கொடுக்கும். நான் செம்பைத்தான் பரிந்துரைப்பேன்.

புகைக்கூண்டுக்குள் குடுவையைச் சாய்வாக வைத்து மெல்லிய சூட்டில் தொடங்குங்கள். அமிலம் பட்டவுடனேயே மாதிரி கருத்துவிடும். பிறகு நுரைக்கும். புண்ணாக்கில் எண்ணெய் மிச்சமிருந்தால் கருநுரை கழுத்து வரை ஏறும். அப்போது சூட்டைக் குறைத்து, குடுவையை மெதுவாகச் சுழற்றி, நுரையை அமிலத்துக்குள் கழுவிவிடுங்கள். ஒரு சிறு துண்டு பாரஃபின் மெழுகு போட்டாலும் அடங்கும். நுரை ஓய்ந்த பிறகு சூட்டைக் கூட்டி, அமிலத்தின் ஆவி கழுத்தின் கீழ் மூன்றில் ஒரு பங்கு வரை ஏறிக் குளிர்ந்து திரும்ப வழியும்படி கொதிக்க விடுங்கள். இந்த வழிதல்தான் சுவரில் ஒட்டிய கரித்துகள்களைக் கழுவி இறக்குகிறது. அப்படியும் இறங்காவிட்டால் ஆறவைத்து, குடுவையைச் சுழற்றி, மறுபடி சூடாக்குங்கள்.

கருமை பழுப்பாகி, பழுப்பு தேன் நிறமாகி, கடைசியில் தெளிந்த நீலப்பச்சை வரும். பார்க்க முடிந்துவிட்டது போலவே இருக்கும். இங்கே நிறுத்துவதுதான் குறைவான விடைகளுக்கு முதல் காரணம். தெளிவு என்பது கரி எரிந்து முடிந்ததைக் காட்டுகிறது, நைட்ரஜன் முழுக்க அம்மோனியாவாகிவிட்டதைக் காட்டவில்லை. டிரிப்டோஃபான், ஹிஸ்டிடின் போன்ற அமினோ அமிலங்களில் நைட்ரஜன் வளையத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. அது லேசில் விடாது. தெளிந்த பிறகும் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் கொதிக்க வைக்க வேண்டும்.

ஆறும்போது குடுவையைக் கவனியுங்கள். பாகு போலவோ நொறுங்கும் படிகமாகவோ உறைந்தால் பரவாயில்லை. பாறை மாதிரி கெட்டியாக இறுகினால் அமிலம் குறைந்துபோய்விட்டது என்று பொருள். மாதிரியே அமிலத்தைத் தின்னும், எண்ணெய் இன்னும் அதிகமாகத் தின்னும்: ஒரு கிராம் கொழுப்புக்குப் பதினேழு, பதினெட்டு கிராம் அமிலம் போய்விடும். அமிலம் குறைந்தால் உப்பின் விகிதம் ஏறும், கொதிநிலையும் ஏறும், அம்மோனியா போய்விடும். அப்படி இறுகிய குடுவையின் விடையை நம்பாதீர்கள். அடுத்த முறை 25 மி.லி. அமிலத்தோடு தொடங்குங்கள்.

வடித்தல்

குடுவை நன்றாக ஆறிய பிறகு, வெளிப்புறத்தை நீரில் குளிர்வித்துக்கொண்டே சுமார் 200 மி.லி. காய்ச்சி வடித்த நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். சூடான அடர் அமிலத்தில் நீரைக் கொட்டினால் சீறித் தெறிக்கும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் இந்த இடத்தில் நிற்கவே கூடாது. உறைந்த உப்பு முழுக்கக் கரையட்டும். கரைசல் மறுபடி அறை வெப்பத்துக்கு வரட்டும்.

காரத்தைத் தொடுவதற்கு முன் வாங்கும் குடுவையைத் தயார் செய்துவிடுங்கள், இந்த வரிசை மாறக் கூடாது. 500 மி.லி. கூம்புக்குடுவையில் 50 மி.லி. 0.1 நார்மல் கந்தக அமிலத்தைப் பிப்பெட்டில் துல்லியமாக அளந்து விட்டு, மெதில் சிவப்பு என்ற நிறங்காட்டியை நான்கைந்து சொட்டு போடுங்கள். கரைசல் சிவக்கும். குளிர்விப்பானின் நுனி அமிலத்துக்குள் முங்கியிருக்கும்படி வையுங்கள். மேலே தொங்கினால் முதலில் வரும் அம்மோனியா காற்றோடு போய்விடும்.

இப்போது காரம். 100 மி.லி.-யில் 40 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு இருக்கும் கரைசல் என்றால் 80 மி.லி. போதும். மிஞ்சியுள்ள அமிலத்தைச் சமன்செய்ய 60 மி.லி.-க்கும் சற்று மேல் போகும், மீதி உபரி. குடுவையைச் சாய்த்துப் பிடித்து, காரத்தைச் சுவரோடு மெதுவாக வழிய விடுங்கள். அது அமிலத்தைவிடக் கனம், அடியில் போய்த் தனி அடுக்காகப் படுத்துக்கொள்ளும். குலுக்காதீர்கள். அடுக்கு கலையாமல் இருக்கும்போதே சில துத்தநாகத் துண்டுகளைப் போட்டு, தெறிப்புத் தடுப்பியோடு உடனே இணைத்து, இணைப்புகள் இறுகியிருக்கின்றனவா என்று பார்த்த பிறகே சுழற்றிக் கலக்குங்கள். கலந்த கணமே அம்மோனியா கிளம்பிவிடும், அப்போது மூடி திறந்திருக்கக் கூடாது.

காரம் போதுமா என்று செம்பு சொல்லும். வெளிர்நீலம் ஆழ்ந்த நீலமாகி, சூடானதும் பழுப்புக் கருப்பாக மாற வேண்டும். அது செம்பு ஹைட்ராக்சைடு ஆக்சைடாவது. வெளிர்நீலமாகவே கிடந்தால் கரைசல் இன்னும் அமிலம். எவ்வளவு நேரம் வடித்தாலும் ஒன்றும் வராது.

சீராகக் கொதிக்க வைத்து 150 மி.லி. வடிநீர் சேரும் வரை விடுங்கள். அம்மோனியாவின் பெரும்பகுதி முதல் பாதியிலேயே வந்துவிடும், பின்பாதி மிச்சத்தைத் துடைத்து எடுப்பதற்கு. இந்த நேரம் முழுக்க வாங்கும் குடுவையின் சிவப்பின் மேல் ஒரு கண் இருக்கட்டும். மஞ்சளாகிவிட்டால் அமிலம் தீர்ந்தது, அந்த ஓட்டம் வீண். அவசரமாக அமிலம் சேர்த்துக் காப்பாற்றலாம் என்று தோன்றும். அதற்குள் எவ்வளவு போயிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. குறைந்த எடையில் மறுபடி செய்யுங்கள்.

நிறுத்தும்போது அடுப்பை முதலில் அணைக்காதீர்கள். அணைத்தால் குடுவை குளிர்ந்து, அமிலத்தைக் குழாய் வழியே பின்னோக்கி உறிஞ்சிவிடும். முதலில் வாங்கும் குடுவையை இறக்கி நுனியை வெளியே எடுத்து, ஒரு நிமிடம் சொட்ட விட்டு, சொட்டும் நீரைச் சிவப்பு லிட்மஸில் தொட்டுப் பாருங்கள். நீலமாகவில்லை என்றால் முடிந்தது. நுனியைக் காய்ச்சி வடித்த நீரால் உள்ளும் புறமும் குடுவைக்குள்ளேயே கழுவிவிட்டு அடுப்பை அணையுங்கள்.

பின்தரம்பார்த்தல்

பியூரெட்டில் 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு. சிவப்பு மங்கி ஆரஞ்சாகி, ஒரு சொட்டில் மஞ்சளாகும் இடம்தான் முடிவு.

இங்கே ஃபினால்ஃப்தலீன் என்ற இன்னொரு நிறங்காட்டியைப் போடக் கூடாது. குடுவையில் இருப்பது மிஞ்சிய அமிலம் மட்டும் இல்லை, நாம் பிடித்த அம்மோனியம் அயனியும் கூடவே இருக்கிறது. அதுவே ஒரு வலுவற்ற அமிலம். மிஞ்சிய அமிலம் தீரும் புள்ளியில் பி.எச். 5.5-ஐ ஒட்டி இருக்கும், மெதில் சிவப்பு நிறம் மாறுவது 4.4-க்கும் 6.2-க்கும் இடையில், கச்சிதமான பொருத்தம். ஃபினால்ஃப்தலீன் 8.3-இல்தான் விழிக்கும். அதற்குள் அம்மோனியத்தில் பத்தில் ஒரு பங்கு காரத்தைக் குடித்திருக்கும், விடை பத்து சதவீதம் குறைந்துவிடும். போதாக்குறைக்கு இளஞ்சிவப்பு தோன்றுவதும் மங்குவதுமாக இழுத்தடிக்கும்.

இதே போல இன்னொரு நுட்பம், காரத்தின் திறனைக் கண்டுபிடிப்பதில் இருக்கிறது. சோடியம் ஹைட்ராக்சைடு காற்றிலிருந்து கார்பன் டைஆக்சைடை உறிஞ்சிக் கொஞ்சம் கார்பனேட்டாகிவிடும். ஃபினால்ஃப்தலீன் அந்தக் கார்பனேட்டில் பாதியைத்தான் கணக்கில் எடுக்கும், மெதில் சிவப்பு கிட்டத்தட்ட முழுவதையும் எடுக்கும். ஆக, ஒன்றில் திறனைக் கண்டுபிடித்து மற்றொன்றில் பயன்படுத்தினால் ஒரே கரைசலுக்கு இரண்டு திறன்கள்! திறன் தெரிந்த அமிலத்துக்கு எதிராக, மெதில் சிவப்பை வைத்தே காரத்தைத் தரப்படுத்துங்கள், இந்தச் சிக்கலே எழாது.

பிளாங்க் இல்லாமல் எதுவும் நிறைவடையாது. மாதிரிக்குப் பதில் அரை கிராம் சர்க்கரை, அதே தாள், அதே அமிலம், உப்பு, வினையூக்கி, காரம், அதே நேரம். சர்க்கரை போடுவது ஏனென்றால், மாதிரி கரியும்போது அமிலம் எப்படிச் செலவாகிறதோ அப்படியே பிளாங்கிலும் செலவாக வேண்டும். வேதிப்பொருள்களில் ஒளிந்திருக்கும் நைட்ரஜன் இதில் அகப்படும்.

கணக்கு

பிளாங்குக்கு மாதிரியைவிட அதிகக் காரம் செலவாகும். முதல்முறை செய்பவர்கள் இதைத் தலைகீழாகக் கழித்துவிட்டு, எதிர்மறை எண்ணைப் பார்த்து விழிப்பதுண்டு.

```
நைட்ரஜன் % = (பிளாங்க் மி.லி. − மாதிரி மி.லி.) × காரத்தின் நார்மாலிட்டி × 1.4007 ÷ மாதிரி எடை (கிராம்)
```

இந்தச் சூத்திரத்தில் வாங்கும் அமிலத்தின் நார்மாலிட்டி எங்கேயும் இல்லை, கவனித்தீர்களா? பிளாங்கிலும் மாதிரியிலும் ஒரே 50 மி.லி. இருப்பதால் கழிக்கும்போது அது அடிபட்டுப் போகிறது. அதன் திறன் துல்லியமாகத் தெரியாவிட்டாலும் பழுதில்லை, ஆனால் இரண்டிலும் அளவு ஒன்றாக இருக்க வேண்டும். அளவு உருளையில் ஊற்றினால் அந்தச் சலுகை போய்விடும், பிப்பெட்தான் வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டை எண்களோடு போடுவோம். காரம் 0.0988 நார்மல். பிளாங்குக்கு 51.15 மி.லி. செலவானது. புண்ணாக்கு 0.5120 கிராம், அதற்கு 24.60 மி.லி.

```
51.15 − 24.60 = 26.55 மி.லி.
26.55 × 0.0988 × 1.4007 ÷ 0.5120 = 7.176 %
```

இரட்டை மாதிரி 0.5036 கிராம், 25.10 மி.லி.; இதே வழியில் 7.159% வருகிறது. சராசரி 7.167%. இரண்டுக்கும் இடையே 0.02 வித்தியாசம், நன்றாகவே ஒத்துப்போகின்றன. பியூரெட்டில் ஒரு சொட்டு, அதாவது 0.05 மி.லி. பிசகினாலே விடையில் 0.0135 மாறும் என்பதை நினைத்தால், இதைவிட நெருக்கத்தை எதிர்பார்ப்பதும் பேராசை.

விடை சரியா என்று எப்படி நம்புவது? இரட்டை மாதிரிகள் ஒத்துப்போவது மட்டும் சான்றாகாது. இரண்டிலும் ஒரே தவறு இருந்தாலும் ஒத்துப்போகும். இரண்டு சோதனைகள் வேண்டும். உலர்ந்த தூய அம்மோனியம் சல்பேட் 0.15 கிராமைச் சிதைக்காமல் நேரடியாக வடித்துப் பாருங்கள். 21.20%-க்கு எதிராக 99% மீட்சியாவது வர வேண்டும். குறைந்தால் கசிவு வடிப்புப் பகுதியில்: தளர்ந்த அடைப்பான், முங்காத நுனி, போதாத காரம். அடுத்து டிரிப்டோஃபானைச் சர்க்கரையோடு முழு முறைக்கும் உட்படுத்துங்கள், அதில் 13.72% நைட்ரஜன் உண்டு. முதல் சோதனை சரியாக வந்து இது மட்டும் குறைந்தால் கோளாறு சிதைப்பில்தான்: நேரம் போதவில்லை அல்லது சூடு போதவில்லை.

கூடுதலாக வந்தால் பெரும்பாலும் ஒரே குற்றவாளி, தெறிப்பு. வேகமாகக் கொதிக்கும்போது காரத்துளிகள் ஆவியோடு ஏறி அமிலத்தில் விழும், அம்மோனியாவைப் போலவே அமிலத்தைத் தின்னும். அடையாளம், பிளாங்குகளே ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் ஆடும். சூட்டைக் குறைத்து, தெறிப்புத் தடுப்பியை மாற்றிப் பாருங்கள்.

புரதத்துக்கு மாற்றுவது

புரதங்களில் சராசரியாக 16% நைட்ரஜன் என்று வைத்து, 100-ஐ 16-ஆல் வகுத்தால் வருவதுதான் 6.25. எல்லாப் புரதமும் அந்தச் சராசரியில் நிற்பதில்லை. கடலைப் புரதத்தில் ஆர்ஜினின் அதிகம். அந்த அமினோ அமிலம் ஒரு மூலக்கூறில் நான்கு நைட்ரஜனைச் சுமக்கிறது. அதனால் கடலைப் புரதத்தில் நைட்ரஜன் 18%-ஐத் தாண்டும், அதற்கான காரணி 5.46. கோதுமைக்கு 5.7, பாலுக்கு 6.38 என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்று உண்டு.

```
7.167 × 6.25 = 44.8 %
7.167 × 5.46 = 39.1 %
```

ஒரே மூட்டை, ஒரே நைட்ரஜன், புரதத்தில் ஏறக்குறைய ஆறு சதவீத இடைவெளி. எது சரி? தீவன, உர வணிகத்தில் கச்சாப் புரதம் என்றால் 6.25 என்பது வழக்கம், ஒப்பிடுவதற்காக எல்லோரும் ஒத்துக்கொண்ட எண் அது. கடலையில் உண்மையில் எவ்வளவு புரதம் என்று கேட்டால் 5.46 தான் நெருக்கமானது. எந்தக் காரணியைப் போட்டீர்கள் என்று எழுதாத புரதச் சதவீதத்தால் யாருக்கும் பயனில்லை. காரணி பிழையையும் சேர்த்தே பெருக்கும். ஆகவே நைட்ரஜனை மூன்று தசம இடம் வரை வைத்துக்கொண்டு, கடைசியில்தான் முழுமையாக்க வேண்டும்.

இனி, தொடக்கத்தில் சொன்ன குறைபாட்டுக்கு வருவோம். இதே புண்ணாக்கில் நூற்றுக்கு மூன்று பங்கு யூரியாவைக் கலந்தால் என்ன ஆகும்? 97 பங்கு புண்ணாக்கிலிருந்து 6.95, மூன்று பங்கு யூரியாவிலிருந்து 1.40, மொத்தம் 8.35% நைட்ரஜன். 6.25-ஆல் பெருக்கினால் 52.2% புரதம். காகிதத்தில் ஏழு சதவீதத்துக்கு மேல் ஏறிவிட்டது, மூட்டையிலோ புரதம் குறைந்திருக்கிறது. 2008-இல் சீனாவில் பாலில் மெலமைன் கலந்தவர்கள் பயன்படுத்திக்கொண்டதும் இந்த ஓட்டையைத்தான். மெலமைனின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன்.

சந்தேகம் வந்தால் சிதைப்பதற்கு முன்பே பிரித்துவிட வேண்டும். அம்மோனியம் உப்பு கலந்ததா என்று பார்க்க, மாதிரியைச் சிதைக்காமல் நீரில் கலக்கி, சோடியம் ஹைட்ராக்சைடுக்குப் பதில் மக்னீசியம் ஆக்சைடு போட்டு வடியுங்கள். அது மென்மையான காரம். அம்மோனியம் உப்பிலிருந்து அம்மோனியாவை விடுவிக்கும், புரதத்தை அவ்வளவாகத் தொடாது. யூரியா இதில் பெரிதாக அகப்படாது. அதற்கு இன்னொரு வழி: மாதிரியை நீரில் ஊறவைத்து, 10% டிரைகுளோரோஅசிட்டிக் அமிலம் ஆகும்படி சேர்த்தால் புரதம் திரண்டு படியும், யூரியா கரைசலிலேயே நிற்கும். வடிகட்டி, அதே அமிலத்தால் கழுவி, வடிதாளில் நின்றதைத் தாளோடு கெல்டால் குடுவைக்குள் போட்டு மேலே சொன்ன எல்லாப் படிகளையும் செய்யுங்கள். கிடைப்பது புரத நைட்ரஜன். மொத்தத்திலிருந்து கழித்தால் புரதமல்லாதது. நல்ல புண்ணாக்கிலும் தனி அமினோ அமிலங்களால் சிறிது இப்படி இருக்கும், அதைக் கண்டு பதற வேண்டாம். கலப்படமற்றது என்று தெரிந்த ஒரு புண்ணாக்கையும் கூடவே செய்து ஒப்பிடுங்கள். அதைவிட ஒன்றரை சதவீத அளவுக்கு எகிறி நின்றால், வடிகரைசலை நடுநிலையாக்கி யூரியேஸ் நொதியைச் சேர்த்து அம்மோனியா வருகிறதா என்று பார்த்தால் யூரியா உறுதியாகிவிடும்.

அறிக்கையில் ஒற்றை எண்ணைத் தராமல் இப்படி எழுதலாம்: மொத்த நைட்ரஜன் 7.17%, பெறப்பட்ட நிலையில், இரட்டை மாதிரிகளின் சராசரி; கச்சாப் புரதம் 44.8%, நைட்ரஜன் × 6.25. ஈரப்பதமும் அளந்திருந்தால் உலர் எடைக்கான எண்ணைத் தனி வரியில் கொடுங்கள். ஈரம் 8.2% என்றால் 7.167-ஐ 0.918-ஆல் வகுக்க வேண்டும், 7.81% வரும். வாங்குபவரும் விற்பவரும் ஆளுக்கொரு எண்ணோடு வந்து நிற்கும்போது, ஒருவர் உலர் எடையிலும் மற்றவர் ஈர எடையிலும் பேசிக்கொண்டிருப்பது அடிக்கடி நடப்பதுதான்.